'நடுநிலை அணு' என்று எழுதாதீர்கள்

"நியூட்ரோபில்கள் எந்தப் பக்கமும் சேராத நடுநிலை அணுக்கள்." காரைக்குடிப் பக்கம் ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் ஒன்றில் இப்படி ஒரு வரி. எழுதிய பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். அவன் கையில் இருந்த கையேட்டில், இரத்தத்தின் வெள்ளைச் செல்களில் ஒரு வகையான நியூட்ரோபிலுக்கு 'நடுநிலை அணு' என்றும், சீழுக்குக் 'கெட்ட இரத்தம்' என்றும் அச்சடித்திருக்கிறார்கள். இதே இரண்டையும் ஆண்டுக்கு ஆண்டு திருத்திக்கொண்டே இருக்கிறேன்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் பால் எர்லிக் இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லத் தடவி, சாயமேற்றிப் பார்த்தார். சில வெள்ளைச் செல்களின் உள்ளே இருக்கும் சிறு மணிகள் அமிலச் சாயத்தைப் பிடித்துக்கொண்டன. சிலவற்றின் மணிகள் காரச் சாயத்தைப் பிடித்தன. இரண்டுக்கும் இடைப்பட்ட நடுநிலைச் சாயத்தை ஏற்றவற்றுக்கு நியூட்ரோபில் என்று பெயர். 'பில்' கிரேக்க வேரிலிருந்து வந்தது, விரும்புவது என்று பொருள். ஆக, நடுநிலை என்பது சாயத்தின் குணம். செல்லின் குணம் அல்ல.

'நடுநிலை அணு' என்று ஆக்கியவர் சொல்லின் பிற்பாதியை அப்படியே விட்டுவிட்டார். அதைவிடப் பெரிய கேடு, இதே மாணவன் வேதியியல் பாடத்தில் 'நடுநிலை அணு' என்பதை வேறு பொருளில் படிக்கிறான். புரோட்டானும் எலக்ட்ரானும் சம எண்ணிக்கையில் இருக்கும், மின்சுமையற்ற அணு அது. காலையில் ஒரு பாடத்தில் ஒரு பொருள், மதியம் அடுத்த பாடத்தில் இன்னொரு பொருள் என்றால் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்வான்? 'இரத்த அணு' என்ற பழைய வழக்கு பழகிப்போய்விட்டது, அதை இனி மாற்ற முடியாது. ஆனால் புதிதாக ஆக்கும் சொல்லிலும் 'அணு'வைக் கொண்டுவந்து சேர்ப்பது அக்கறையின்மை. 'நடுவமைநாடி' என்றும் சிலர் எழுதுகிறார்கள். நாடுவது என்ற பொருளில் அது மூலத்துக்கு நேர்மையானதுதான். ஆனால் நம் ஊர்க் காதுக்கு நாடி என்றால் வைத்தியர் பிடித்துப் பார்ப்பது, இல்லாவிட்டால் முகவாய்க்கட்டை. அகராதியில் நின்றால் போதாது, வகுப்பில் நிற்க வேண்டும்.

பெயர் நியூட்ரோபில் என்றே இருக்கட்டும். அதன் வேலைக்குத் தமிழ் வேண்டும், அதற்கு 'விழுங்கு செல்' என்பதே சரி. இதற்கு வரலாறும் துணை நிற்கிறது. 1882இல் இத்தாலியின் மெசினாவில் இலியா மெச்னிகோவ் நட்சத்திர மீனின் இளவுயிரி உடலில் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். கண்ணாடி போன்ற உடல் அது. மறுநாள் பார்த்தால் செல்கள் வந்து முள்ளைச் சூழ்ந்திருந்தன. செல் விழுங்கிக் காக்கிறது என்ற கருத்து அங்கிருந்து வளர்ந்தது. சாயத்தால் பெயர் வைத்த எர்லிக்கும், செயலைக் கண்ட மெச்னிகோவும் 1908ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நம் பக்கத்து முள்ளையே எடுத்துக்கொள்வோம். கண்மாய்க்கரையில் விளையாடும் பையனின் குதிகாலில் சீமைக்கருவேல முள் ஏறுகிறது. தோலில் குடியிருந்த ஸ்டெபைலோகாக்கஸ் பாக்டீரியாவும் முள்ளோடு உள்ளே போகிறது. அங்கே ஏற்கெனவே காவலிருக்கும் பெருவிழுங்கிச் செல்கள் இதை உணர்ந்து வேதிச் செய்தி அனுப்புகின்றன. அருகிலிருக்கும் நுண் இரத்தக்குழாய்களின் உட்சுவர் ஒட்டும் தன்மை பெறுகிறது. இரத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்த நியூட்ரோபில் அந்தச் சுவரில் பட்டு உருளுகிறது, வேகம் குறைகிறது, இறுக ஒட்டி நிற்கிறது, பிறகு உடலை நெளித்துச் சுவரின் இடுக்கு வழியே வெளியேறுகிறது.

வெளியே வந்ததும் வழி எப்படித் தெரியும்? பாக்டீரியா தன் புரதங்களை ஃபார்மைல் மெத்தியோனின் என்ற அலகில் தொடங்கும். நம் செல்லின் சாற்றில் உருவாகும் புரதங்கள் அப்படித் தொடங்குவதில்லை. உதிரும் அந்தத் துணுக்குகள் கசிந்து பரவுகின்றன. காயத்துக்கு அருகே செறிவு அதிகம், தூரம் போகப் போகக் குறைவு. கல்யாண வீட்டில் கந்தரப்பம் சுடும் வாசனை அடுக்களையை நெருங்க நெருங்கக் கூடுவது போல. செறிவு கூடும் பக்கம் நோக்கி நியூட்ரோபில் ஊர்ந்து போகிறது.

பாக்டீரியாவின் மேல் நம் எதிர்ப்பொருள்களும் நிரப்புப் புரதங்களும் படிந்திருந்தால் பிடிப்பது எளிது. நியூட்ரோபில் தன் சவ்வைக் கைபோல நீட்டி இரு பக்கமும் சுற்றி மூடுகிறது. பாக்டீரியா இப்போது செல்லுக்குள் ஒரு பைக்குள் அடைபட்டிருக்கிறது. எர்லிக் சாயமேற்றிப் பார்த்த அந்தச் சிறு மணிகள் இப்போதுதான் வேலைக்கு வருகின்றன. அவை பையோடு இணைந்து, உள்ளிருக்கும் நொதிகளைக் கொட்டுகின்றன. அதே நேரம் செல் ஆக்சிஜனை ஏராளமாக எடுத்து முதலில் சூப்பராக்சைடாகவும், அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் மாற்றுகிறது. மைலோபெராக்சிடேஸ் என்ற நொதி அதைக் குளோரைடுடன் சேர்த்து ஹைப்போகுளோரஸ் அமிலம் ஆக்குகிறது. தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போட்டால் கிருமியைக் கொல்வதும் இதே அமிலம்தான். எந்தப் பக்கமும் சேராத செல் செய்கிற வேலையா இது?

பிறவியிலேயே இந்த ஆக்சிஜன் படி பழுதான குழந்தைகள் உண்டு. அவர்களுடைய நியூட்ரோபில்கள் வரும், விழுங்கும். ஆனால் சில வகைக் கிருமிகளைக் கொல்ல முடியாது. அதனால் தோல், நிணநீர் முடிச்சு, கல்லீரல் என்று மீண்டும் மீண்டும் சீழ்க்கட்டி வரும்.

இனி சீழ். நியூட்ரோபிலின் ஆயுள் குறைவு, இரத்தத்தில் ஒரு நாள்கூட முழுதாக இராது. எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோபில்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. குதிகாலுக்கு வந்தவை விழுங்கிய பின் அங்கேயே மடிகின்றன. மடிந்த நியூட்ரோபில்கள், செத்ததும் சாகாததுமான பாக்டீரியா, கரைந்த திசு, கசிந்த நீர் எல்லாம் சேர்ந்ததே சீழ். சிவப்பணு அதில் முக்கியப் பொருள் அல்ல. சீழில் படும் இளம்பச்சைக்குக் காரணம் பெரும்பாலும் மைலோபெராக்சிடேஸ்; அந்த நொதியின் நிறமே பச்சை.

'சீ' என்பது பழந்தமிழ்ச் சொல். 'சீ வச்சிருச்சு' என்று இன்றும் சொல்கிறோம். இவ்வளவு துல்லியமான சொல் கையில் இருக்க, 'கெட்ட இரத்தம்' என்று எதற்காக விளக்கம் எழுதுகிறார்கள்? அது வெறும் சொற்பிழையோடு நிற்பதில்லை. "ஆச்சி, குதிகால் விண்ணு விண்ணுனு தெறிக்குது" என்று பேரன் சொன்னால், "கெட்ட ரத்தம்டா, பிதுக்கி வெளியேத்திரு" என்ற பதில் அந்தச் சொல்லிலிருந்துதான் வருகிறது. உடல் சீழைச் சுற்றி ஒரு சுவர் எழுப்பி அடைத்துவைத்திருக்கிறது. பிதுக்கினால் அந்தச் சுவர் உடைந்து, உயிரோடிருக்கும் பாக்டீரியா பக்கத்துத் திசுவுக்குப் பரவலாம். அந்தச் சுவரைத் தாண்டி மருந்தும் போதுமான அளவு உள்ளே போவதில்லை. அதனால்தான் பெரிய கட்டியை மாத்திரையோடு விட்டுவிடாமல், மருத்துவர் கீறிச் சீழை வடிக்கிறார். உள்ளே முள்ளின் நுனி முறிந்து தங்கியிருந்தால், அதை எடுக்கும்வரை சீழ் திரும்பத் திரும்ப வரும். காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு கோடாகக் காலில் ஏறினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சீழ் 'கெட்ட இரத்தம்' என்றால், இரத்தம் உள்ள எவருக்கும் அது வர வேண்டும். புற்றுநோய் மருந்தால் நியூட்ரோபில் மிகவும் குறைந்துபோன நோயாளியைப் பாருங்கள். காயத்தில் கிருமி பெருகும், ஆனால் சீழ் பிடிக்காது, வீக்கமும் சிவப்பும்கூட மங்கலாகவே தெரியும். பல நேரம் கிடைக்கும் ஒரே அடையாளம் காய்ச்சல். அதனால் அப்படிப்பட்டவருக்குக் காய்ச்சல் கண்டால் மருத்துவர்கள் சீழைத் தேடிக் காத்திருப்பதில்லை, உடனே நோயுயிர்முறி மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள்.