பிறர் எழுதியதற்குத் தளம் எப்போது பொறுப்பாகும்? பிரிவு 79 சொல்வது

சமூக ஊடகத் தளத்தில் ஒருவர் மற்றொருவரைப் பற்றிப் பொய் எழுதினால், எழுதியவர் மீது வழக்குத் தொடரலாம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அதை வெளியிட இடம் கொடுத்த தளத்தின் மீதும் தொடர முடியுமா என்பதற்கு, இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, பிரிவு 79இல் விடை தருகிறது. பிறருக்காக மின்னணுப் பதிவைப் பெறுவோர், சேமிப்போர், அனுப்புவோர், அது தொடர்பான சேவை வழங்குவோர் அனைவரையும் இச்சட்டம் 'இடைநிலையர்' என்ற ஒரே வகையில் வைக்கிறது. சமூக ஊடகம் மட்டுமல்லாமல் தேடுபொறி, இணையச் சந்தை, இணையச் சேவை வழங்கும் நிறுவனம், இணைய மையம் வரை இதில் அடங்கும்.

இந்தப் பிரிவின் இன்றைய வடிவம் ஒரு வழக்கின் பின்னணியில் வந்தது. 2004ஆம் ஆண்டு பாஸி.காம் என்ற ஏலத் தளத்தில் பயனர் ஒருவர் ஆபாசக் காணொளியை விற்பனைக்கு வைத்தார். அதற்காகத் தளத்தின் தலைமை அதிகாரி கைது செய்யப்பட்டார். அவர் மீதான வழக்கு 2012இல்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. இதற்கிடையே 2008ஆம் ஆண்டுத் திருத்தம் பிரிவு 79ஐ மாற்றி எழுதியது. அதன்படி, தகவலை அனுப்பத் தொடங்கியதும், பெறுபவரைத் தேர்ந்தெடுத்ததும், உள்ளடக்கத்தைத் தேர்ந்தெடுத்ததும் மாற்றியதும் தளம் அல்ல என்றால், விதிகள் கோரும் உரிய கவனத்தையும் அது கடைப்பிடித்திருந்தால், பிறர் பதிவுக்கு அது பொறுப்பாகாது. குற்றத்துக்குத் துணைபோனாலோ, சட்டவிரோதப் பதிவு இருப்பதை 'உண்மையில் அறிந்த' பிறகும் விரைந்து நீக்காவிட்டாலோ இந்தப் பாதுகாப்பு விலகிவிடும்.

எது 'அறிதல்' என்பதில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். பாதிக்கப்பட்டவர் அனுப்பும் மின்னஞ்சலே போதும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், நீதிமன்ற ஆணையோ உரிய அரசின் அறிவிக்கையோ வந்து சேர்வதே இங்கு அறிதலாகும் என்று பொருள் கொண்டது. லட்சக்கணக்கில் வரும் கோரிக்கைகளில் எது நியாயமானது என்று தீர்ப்பளிக்கும் வேலையைத் தனியார் நிறுவனத்திடம் விடக் கூடாது என்பது அதன் காரணம். இது பாதிக்கப்பட்டவருக்குக் கடினமாகத் தெரிந்தாலும், புகார் வந்தாலே நீக்கியாக வேண்டும் என்றிருந்தால் நியாயமான விமர்சனங்களும் மறைந்துவிடும் என்பதால் சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பயிற்சி மையம் நடத்தும் ஒருவர் மாணவர்களின் கட்டணத்தைக் கையாடினார் என்று பொய்யான பதிவு வெளிவருகிறது. அவர் முதலில் பதிவின் முழு இணைய முகவரியையும் திரைப்பதிவையும் சேர்த்துத் தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார் அனுப்ப வேண்டும். 'என்னைப் பற்றித் தவறாக எழுதியிருக்கிறார்கள்' என்று பொதுவாக எழுதினால், எந்தப் பதிவு என்பதே தெரியாமல் புகார் முடித்துவைக்கப்படலாம். இச்சட்டத்தின் கீழ் இடைநிலையருக்காக வகுக்கப்பட்ட 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, புகார் கிடைத்ததைத் தளம் 24 மணி நேரத்துக்குள் உறுதி செய்து, குறித்த காலத்துக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். நீக்க மறுத்தால், பதில் கிடைத்த 30 நாட்களுக்குள் gac.gov.in வழியாகக் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் முறையிடலாம். உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணையும் கோரலாம். ஆணை வந்தபின் தளம் காலம் கடத்த முடியாது. 2021 விதிகள் இதற்குத் தந்த 36 மணி நேரத்தை 2026 பிப்ரவரித் திருத்தம் 3 மணி நேரமாகக் குறைத்துவிட்டது.

நிர்வாணப் படங்களுக்கும் அந்தரங்கப் படங்களுக்கும் விதி வேறு. அவற்றில் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ அளிக்கும் புகாரே போதும், நீதிமன்ற ஆணை தேவையில்லை. இங்கு முதலில் இருந்த 24 மணி நேர வரம்பும் அதே திருத்தத்தால் 2 மணி நேரமாகியுள்ளது. முகத்தை ஒட்டிச் சித்திரித்த போலிப் படங்களுக்கும் இது பொருந்தும்.

தளம் பாதுகாப்பை இழந்தது என்றால் குற்றவாளியாகிவிட்டது என்று பொருளல்ல. பிரிவு 79 ஒரு கேடயம். அது போனபின்னும், அவதூறோ வேறு குற்றமோ தளத்தின் மீது அந்தந்தச் சட்டப்படி தனியே மெய்ப்பிக்கப்பட வேண்டும். அதேபோல், பதிவு நீக்கப்பட்டதால் எழுதியவர் தப்பிவிடுவதும் இல்லை. நீக்கிய பதிவையும் அது சார்ந்த விவரங்களையும் தளம் 180 நாட்கள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது விதி. போலிப் பெயரில் எழுதியவரைக் காவல்துறை அடையாளம் காண அந்த விவரங்களே பெரிதும் உதவும் என்பதால், பதிவு மறைந்துவிட்டது என்று நிறுத்திக்கொள்ளாமல், அந்த 180 நாட்கள் கடப்பதற்குள் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளித்துவிட வேண்டும்.