தமிழ்த் தலைப்பை நெருக்கினா முதல்ல காணாமப் போறது புள்ளியும் சுழியும்தான்

மொரீஷியஸ்ல தினசரி, வாரப் பத்திரிகை எல்லாம் பெரும்பாலும் பிரெஞ்சுலதான் வருது, அதுக்கு நடுவுல தைப்பூசக் காவடி, வருஷப்பிறப்பு மாதிரி சமயத்துல தமிழ்ல ஒரு பக்கமோ ரெண்டு பக்கமோ சிறப்பிதழா போடுவாங்க. கோவில் சங்கங்கள் போடுற இதழும் இருக்கு. நான் பக்கம் கட்டுற வேலைல இருக்கிறதால இந்த மாதிரி பக்கங்கள் கடைசி நேரத்துல சரி பார்க்க என்கிட்ட வரும். அதுல திரும்பத் திரும்ப நான் பார்க்கிறது ஒரே ஒரு கோளாறுதான், பிரெஞ்சுத் தலைப்புக்கு வச்சிருக்கிற அதே செட்டிங்கை அப்படியே தமிழ்த் தலைப்புக்கும் போட்டுடுறாங்க.

பிரெஞ்சுத் தலைப்பு எப்படி இருக்கும்னு யோசிங்க. ஒல்லியா, உயரமா, தடிமனா ஒரு கன்டென்ஸ்டு ஃபான்ட், ரெண்டு வரி, வரிக்கு நடுவுல இடமே இல்லாத மாதிரி நெருக்கம். பெரிய எழுத்துலயே முழுத் தலைப்பையும் அடிச்சா கீழ தொங்குறது அனேகமா எதுவுமே கிடையாது, Ç-யோட வால், Q-வோட வால் மாதிரி ஒண்ணு ரெண்டுதான். மேல É, È மாதிரி எழுத்துல இருக்கிற கோடு மட்டும்தான் இடிக்கும், அதையும் இங்க இருக்கிற பிரெஞ்சு சப் எடிட்டர்கள் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பாங்க. அதனால 48 பாயிண்ட் எழுத்துக்கு லீடிங், அதாவது ஒரு வரியோட அடிக்கும் அடுத்த வரியோட அடிக்கும் நடுவுல இருக்கிற தூரம், 46 பாயிண்ட்னு வச்சாலும் அவங்களுக்குச் சரியாத்தான் வரும்.

தமிழ் அப்படி இல்ல. மேல புள்ளி இருக்கு, ி இருக்கு, ீ-யோட சுழி இருக்கு. கீழ பு, வு, சு-வோட கோடு இறங்குது, பூ, சூ-வுக்கு அது இறங்கி வளையுது, கு, மு, ழு எல்லாம் சுத்திக்கிட்டு கீழ வரும், த, ற, ழ-வுக்கு உகரமே இல்லாட்டியும் வால் இருக்கு. ஒரு ஃபான்ட்ல 'ணீ'யோட உச்சியில இருந்து 'பூ'வோட அடி வரைக்கும் அளந்து பார்த்தா எழுத்தளவையே தாண்டிடும், அதாவது 48 பாயிண்ட்னு சொல்ற எழுத்து நிஜத்துல 48-க்கும் மேல இடம் கேட்கும். ஈய எழுத்து கோர்த்த காலத்துல இந்தப் பிரச்சினை இந்த அளவுக்கு வர வழியே இல்ல, ஏன்னா புள்ளியும் சுழியும் அந்த ஈயக் கட்டைக்குள்ளயே அடங்கியிருக்கும், ஒரு வரிக் கட்டை இன்னொரு வரிக் கட்டைக்குள்ள புக முடியாது. கம்ப்யூட்டர் எவ்வளவு வேணா புகுத்த விடுது.

போன காவடி சமயத்துல வந்த ஒரு பக்கத்தையே எடுத்துக்கிறேன், எந்த இதழ்னு சொல்லல. மூணு பத்தி அகலம், கிட்டத்தட்ட 14 செ.மீ., ரெண்டு வரித் தலைப்பு. முதல் வரி "தைப்பூசத்துக்கு", ரெண்டாவது வரி "மொரீஷியஸ் முழுவதும் விடுமுறை". 48 பாயிண்ட், லீடிங் 46, ரெண்டாவது வரி அகலத்துக்குள்ள அடங்கலன்னு, எழுத்தைப் பக்கவாட்டுல அமுக்குற Horizontal Scale-ஐ 70%-ல வச்சிருந்தாங்க. பக்கம் கட்டின தம்பிகிட்ட கேட்டேன், "அண்ணே, பிரெஞ்சுப் பக்கத்துல இதே அளவுதானே போடுறோம், ஸ்க்ரீன்ல நல்லாத்தான் தெரியுது"ன்னான். ஸ்க்ரீன்ல 200%-ல பெருசு பண்ணிப் பார்த்தா எதுவும் நல்லாத்தான் தெரியும்.

பேப்பர்ல என்ன ஆச்சுன்னா, முதல் வரியில மூணாவது எழுத்தா 'பூ' வருது, அது வளையுற இடத்துக்கு நேர் கீழ ரெண்டாவது வரியோட 'ரீ', 'ஷி' ரெண்டும் நிக்குது. பூவோட வளைவும் ரீயோட சுழியும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஒரே கருப்பு உருண்டையா ஆயிடுச்சு. 'ரீ' எது, 'ரி' எதுன்னு பிரிச்சுச் சொல்றதே அந்த ஒரு சுழிதான், அது போயிடுச்சு. கொஞ்சம் தள்ளி முதல் வரியோட 'து' வால் இறங்குற இடத்துல கீழ 'ஸ்'ஸோட புள்ளி, ரெண்டும் ஒட்டிக்கிட்டு புள்ளி மேல் வரி எழுத்தோட ஒரு பாகம் மாதிரி தெரியுது, அதனால 'ஸ்'ங்கிறது வெறும் 'ஸ'வா நிக்குது. ஊர்ல தமிழ் படிச்சு வளர்ந்தவங்க சொல்லோட மொத்த உருவத்தை வச்சே ஊகிச்சுப் படிச்சுட்டுப் போயிடுவாங்க. இங்க அப்படி இல்ல, வீட்டுல கிரியோல் பேசிட்டு, ஸ்கூல்லயும் கோவில் வகுப்புலயும் தமிழ் கத்துக்கிட்டவங்கதான் நம்ம வாசகர்ல அதிகம், அவங்க எழுத்து எழுத்தா கூட்டித்தான் படிப்பாங்க. அதுவும் ரோஸ் ஹில், கியூர்பீப்னு ஊர்ப் பெயர் தமிழ்ல எழுதினா ஊகிக்கவே வழி இல்ல, ஒரு புள்ளி போனா பெயரே போச்சு. ரூபாய் நோட்டுல தமிழ் வரி இருந்த இடம் மாறினதுக்கே 1998-ல போராட்டம் நடந்து புது நோட்டையே திரும்ப வாங்கிக்கிட்ட நாடு இது, எழுத்து மேல இவ்வளவு அக்கறை இருக்கிற ஜனங்களுக்கு நாம படிக்க முடியாத தலைப்பு கொடுக்கக் கூடாது.

இதைச் சரி பண்ண லீடிங்கை மட்டும் ஏத்தினா போதுமான்னு பார்த்தேன். அதே சொல் வரிசைல 60 பாயிண்ட் வரைக்கும் போனாத்தான் பூவும் ரீயும் பிரிஞ்சுது, ஆனா அப்போ ரெண்டு வரியும் தனித்தனித் தலைப்பு மாதிரி விலகிப் போயிடுது, தலைப்போட பலமே குறைஞ்சுடுது. அதனால வரியை மாத்தினோம். "மொரீஷியஸ் முழுவதும்" மேல, "தைப்பூச விடுமுறை" கீழ. 'மொரீஷியஸ்'ங்கிற சொல்லைக் கவனிச்சுப் பாருங்க, மேல ரீ, ஷி, ஸ்னு மூணு இடத்துல குறி இருக்கு, கீழ 'ர'வோட சின்னக் காலைத் தவிர இறங்குறது ரொம்பக் கம்மி. அப்போ அது மேல் வரியில இருக்கணும், அங்க அதோட தலைக்கு மேல யாரும் இல்ல. 'பூ' கீழ் வரிக்குப் போனதும் அது எவ்வளவு வேணா இறங்கலாம், அதுக்கடியில வெறும் வெள்ளைதான். முழுவதும்ல இருக்கிற மு, ழு கீழ இறங்குற இடத்துல டு, மு, றைதான் வருது, அதுங்க தலையில சுழியும் இல்ல புள்ளியும் இல்ல. 'த்துக்கு'ங்கிற உருபும் போனதால நீளமும் குறைஞ்சுது. 52 பாயிண்ட் லீடிங்லயே சுத்தமா நின்னுச்சு.

ஆக ஒரு ஃபான்டுக்கு இத்தனை சதவீதம் லீடிங்னு ஒரு கணக்கை மனப்பாடம் பண்ணி எல்லாத் தலைப்புக்கும் போட முடியாது. நான் செய்றது இதுதான், புது ஃபான்ட் கைக்கு வந்ததும் மேல் வரியில "பூ சூ கு ழூ", கீழ் வரியில "ணீ கீ ரீ ம்"னு அடிச்சு, ரெண்டும் தொடுற வரைக்கும் லீடிங்கைக் குறைச்சுப் பார்த்து அந்த அளவை எழுதி வச்சுக்குவேன், அதுக்கு மேல இருந்தா எந்தத் தலைப்பும் இடிக்காது. அதுக்குக் கீழ போகணும்னா அந்தக் குறிப்பிட்ட தலைப்புல தொங்குறது எதுவும் கீழ் வரிச் சுழிக்கு நேரா விழாம இருக்கான்னு கண்ணால பார்க்கணும். விழுந்தா சொல்லை மாத்து, வரி உடையுற இடத்தை மாத்து, இல்லாட்டி லீடிங் கொடு.

இப்போ அந்த 70% விஷயம். தமிழ்ச் சொல் நீளம், உருபு சேர்ந்தா இன்னும் நீளம், அதனால கன்டென்ஸ்டு எழுத்து நமக்கு நிச்சயமா வேணும், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா அகலமான எழுத்தைப் பக்கவாட்டுல அமுக்கினா அது கன்டென்ஸ்டு ஆயிடாது. அமுக்கும்போது நேர்க்கோடு மட்டும் மெலியும், படுக்கைக்கோடு அதே தடிமன்ல இருக்கும், நம்ம ட, ப, ம, ல-வுக்கெல்லாம் அடியில படுக்கைக்கோடு இருக்கிறதால எழுத்து முழுக்க அடி கனமா கால் வீங்கின மாதிரி ஆயிடும். அதோட எல்லா எழுத்தும் ஒரே விகிதத்துல சுருங்கும். ர, ா ஏற்கனவே ஒல்லி, அதை இன்னும் சுருக்க வேண்டிய அவசியமே இல்ல, ஆனா மூணு சுழி 'ண' உள்ள இருக்கிற வெள்ளை அடைஞ்சு போய் ரெண்டு சுழி 'ன' மாதிரி ஆயிடும். பேப்பர்ல மை வேற கொஞ்சம் பரவும், ஸ்க்ரீன்ல நூல் மாதிரி தெரிஞ்ச வெள்ளை அச்சுல சுத்தமா மூடிடும். அமுக்கின எழுத்தான்னு கண்டுபிடிக்க எனக்கு ஒரே வழி புள்ளிதான், நல்லா வரைஞ்ச கன்டென்ஸ்டு ஃபான்ட்ல புள்ளி பெரும்பாலும் உருண்டையாவே இருக்கும், அமுக்கினதுல முட்டை மாதிரி நிக்கும்.

நிஜமாவே ஒல்லியா வரைஞ்ச தமிழ் எழுத்து இப்போ இலவசமாவே இருக்கு. எக் டைப் போட்ட Anek Tamil-ல அகலம் 75-ல இருந்து 125 வரைக்கும், தடிமன் 100-ல இருந்து 800 வரைக்கும் நகர்த்தலாம். Noto Sans Tamil-லயும் அகலம் 62.5 வரைக்கும் இறங்கும். அந்தக் காவடிப் பக்கத்துக்கு Anek Tamil எடுத்து அகலத்தை 80-ல வச்சோம், Horizontal Scale-ஐ 100%-க்கே திருப்பியாச்சு. தடிமனை முழுசா 800-க்கு ஏத்தல, 700-ல நிறுத்தினோம், ஏன்னா ஒல்லியும் முழுத் தடிமனும் சேரும்போது 'ண', 'ஞ' உள்ள வெள்ளைக்கு இடமே இருக்காது. என் கணக்கு என்னன்னா 'ண'வோட சுழிக்குள்ள இருக்கிற வெள்ளை, கோட்டோட தடிமன்ல பாதிக்கும் கீழ போனா ஒரு படி மெலிசாக்கணும்.

தடிமனான தலைப்பு ஃபான்ட் வாங்கும்போது இன்னொண்ணும் பாருங்க, 'ர'வோட கால். வரியை நெருக்க வசதியா இருக்கட்டும்னு சில ஃபான்ட்ல அந்தக் காலை ரொம்பக் குட்டையா வெட்டியிருப்பாங்க, அப்போ 'ர'வும் 'ா'வும் ஒண்ணாயிடும். "வரலாறு", "ராகம்"னு ரெண்டு சொல் அடிச்சுப் பார்த்தா உடனே தெரிஞ்சுடும். எவ்வளவு கம்பீரமா இருந்தாலும் அந்த ஃபான்டை நான் தலைப்புக்கு எடுக்க மாட்டேன்.

இன்டிசைன்ல வேலை செய்றவங்க பாரக்ராஃப் செட்டிங்ல Adobe World-Ready Paragraph Composer போட்டிருக்கான்னு பார்த்துக்குங்க, இல்லாட்டி கொம்பு இடம் மாறி 'மொ' உடைஞ்சு நிக்கும், ஃபான்ட் மேல பழி போடுவீங்க.

கடைசியா சரி பார்க்கிறது எப்பவும் 100% அளவுல பிரின்ட் எடுத்துத்தான், முடிஞ்சா நியூஸ்பிரின்ட் தாள்லயே. கலர் பட்டை மேல வெள்ளை எழுத்தா வர்ற தலைப்புன்னா இன்னும் கவனம் வேணும், நாலு மை ஒண்ணு மேல ஒண்ணு ஏறும்போது இம்மி விலகினாலும் முதல்ல அடைஞ்சு போறது புள்ளிதான், அதனால வெள்ளைத் தலைப்புக்கு நான் அகலத்தை 80-ல இருந்து 90-க்கு ஏத்தி, லீடிங்கும் ரெண்டு மூணு பாயிண்ட் கூட்டிக் கொடுப்பேன். அதுக்கு இடம் இல்லன்னா தலைப்புல ஒரு சொல்லைக் குறைக்கச் சொல்லி எடிட்டர்கிட்டயே திருப்பி அனுப்பிடுவேன்.