முதல் முறை ஐடிஆர்: இரண்டு பார்ம் 16-இலும் வரி பூஜ்யம், ஆனாலும் கட்ட வேண்டியது 75,660

ஸ்லைடு 1: யாருக்கு இது?
2025-26 நிதியாண்டில் சம்பளம் வாங்கி, முதல் தடவையாகக் கணக்கு தாக்கல் செய்பவர்களுக்கு. கடைசி நாள் 2026 ஜூலை 31. "எனக்குத்தான் வரியே இல்லையே" என்று விட்டுவிடாதீர்கள். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லாமல் போவது தள்ளுபடியால்தான். சம்பளக்காரர் எல்லாருக்கும் கழிக்கப்படும் 75,000 ரூபாய் நிலைக்கழிவு போக வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே தாக்கல் செய்தாக வேண்டும்.

ஸ்லைடு 2: கையில் என்ன வேண்டும்?
பான், ஆதாரோடு இணைத்த மொபைல், வங்கிக் கணக்கு எண், சம்பளத்துக்கும் பிடித்த வரிக்கும் நிறுவனம் தரும் சான்றான பார்ம் 16. வருடத்தின் நடுவில் வேலை மாறியிருந்தால் இரண்டு நிறுவனத்தின் பார்ம் 16-உம் தேவை. வரியே பிடிக்காததால் பார்ம் 16 தராத நிறுவனங்களும் உண்டு. அப்போது சம்பளச் சீட்டுகளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்லைடு 3: முதலில் ஏஐஎஸ்
incometax.gov.in தளத்தில் பான் எண்ணைக் கொடுத்து நுழைந்ததும் AIS-ஐத் திறந்து பாருங்கள். உங்கள் பான் எண்ணில் பதிவான சம்பளம், சேமிப்புக் கணக்கு வட்டி, எஃப்டி வட்டி, பங்கு விற்பனை எல்லாம் அதில் இருக்கும். நீங்கள் மறந்துபோன 3,000 ரூபாய் வட்டியை வரித்துறை மறந்திருக்காது.

ஸ்லைடு 4: எந்தப் படிவம்?
சம்பளமும் வட்டியும் மட்டும் என்றால், 50 லட்சம் வரை ITR-1. பங்கை வாங்கி ஒரு வருடத்துக்குள் விற்று லாபம் பார்த்திருந்தால் ITR-2. எஃப் அண்ட் ஓ செய்திருந்தால் ITR-3. வெளிநாட்டுத் தாய்க் கம்பெனியின் பங்கு கையில் இருந்தாலும் ITR-1 ஆகாது. ஐடி ஊழியர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை.

ஸ்லைடு 5: உள்ளே போவது
e-File → Income Tax Returns → File Income Tax Return. ஆண்டு கேட்கும் இடத்தில் 2026-27 என்று கொடுங்கள். சம்பாதித்த வருடம் 2025-26, கணக்கு பார்க்கும் வருடம் அதற்கு அடுத்தது. புதிய வரி முறையிலிருந்து விலகுகிறீர்களா என்று கேட்டால், வீட்டு வாடகைப் படி, 80சி போன்ற பெரிய கழிவுகள் இல்லாதவர் No என்றே விடலாம்.

ஸ்லைடு 6: வேலை மாறியவர் இங்கே நிற்கவும்
கார்த்திக் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை மாதம் 90,000. மொத்தம் 4,50,000. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வேறு நிறுவனம், மாதம் 1,30,000. மொத்தம் 9,10,000.

முதல் நிறுவனம் ஆண்டுக்கு 10.8 லட்சம்தானே என்று வரி பிடிக்கவில்லை. பழைய சம்பளத்தைப் பற்றி கார்த்திக் சொல்லாததால், இரண்டாவது நிறுவனமும் தன் 9.1 லட்சத்தை மட்டும் பார்த்துவிட்டு வரி பிடிக்கவில்லை. 75,000 ரூபாய் நிலைக்கழிவையும் இரண்டு பேரும் தனித்தனியாகக் கொடுத்துவிட்டார்கள். அது ஆண்டுக்கு ஒரு முறைதான்.

ஸ்லைடு 7: சரியான கணக்கு
இரண்டு சம்பளமும் சேர்த்து 13,60,000. நிலைக்கழிவு போக 12,85,000. 12 லட்சத்தைத் தாண்டியாச்சு, தள்ளுபடி கிடையாது.

முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5% என்று 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10% என்று 40,000. மீதி 85,000-க்கு 15% என்று 12,750. ஆக 72,750. அதன் மேல் 4% செஸ் 2,910. கட்ட வேண்டியது 75,660.

முன்கூட்டியே கட்டாததற்கு வட்டியும் உண்டு. ஜூலையில் கட்டினால் 7,000-க்குக் கொஞ்சம் குறைவாக வரும். தளமே கணக்குப் போட்டுவிடும். சேரும்போதே பழைய சம்பள விவரத்தைப் புதிய நிறுவனத்தின் ஹெச்ஆரிடம் கொடுத்திருந்தால், மாதாமாதம் பிடித்து முடித்திருப்பார்கள்.

ஸ்லைடு 8: நிரப்பும்போது
தளம் தானாக நிரப்பிய சம்பளத்தை அப்படியே நம்ப வேண்டாம். இரண்டு பார்ம் 16-இலும் கழிவுக்கு முந்தைய மொத்தச் சம்பளத்தை எடுத்துக் கூட்டி, அந்தத் தொகைதான் படிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கழிவு போன தொகைகளைக் கூட்டினால் 75,000 இரண்டு தடவை கழிந்துவிடும். பின்னால் நோட்டீஸ் வரும்.

ஸ்லைடு 9: பணம்
வரி பாக்கி இருந்தால் e-Pay Tax வழியாக Self-Assessment Tax என்று கட்டி, அந்தச் சலான் படிவத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே சமர்ப்பியுங்கள். அதிகமாகப் பிடித்திருந்தால் ரீஃபண்ட் வரும். அதற்கு வங்கிக் கணக்கு தளத்தில் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும்.

ஸ்லைடு 10: Submit செய்தால் முடியவில்லை
30 நாளுக்குள் e-Verify செய்ய வேண்டும். ஆதார் ஓடிபி போதும், அப்போதே செய்துவிடுங்கள். 30 நாள் தாண்டினால், சரிபார்த்த தேதியே தாக்கல் செய்த தேதியாகிவிடும். அது கெடுவுக்குப் பிறகு என்றால் தாமதக் கட்டணம் 5,000. வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் 1,000.