கல்யாண வீட்டுக் களைப்பு ஏன் தாமதமாக வருகிறது?

‘மண்டபத்தில் எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறேன். வீடு திரும்பிய சில மணி நேரத்தில் யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லவே பிடிப்பதில்லை. கண்பட்டுவிட்டது என்று பாட்டி உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறார். உண்மையில் என்ன நடக்கிறது?’ என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

இத்தகையவரைப் பலரும் அகமுகர், அதாவது கூட்டத்தைவிடத் தனிமையை விரும்புபவர், என்பார்கள். அகமுகரின் மூளை இயல்பிலேயே கூடுதல் விழிப்பில் இருப்பதால் சந்தடி அவருக்கு விரைவில் மிகையாகிவிடுகிறது என்று உளவியலாளர் ஹான்ஸ் ஐசங்க் 1967இல் விளக்கினார். பின்வந்த சோதனைகள் அதை ஓரளவுக்கே ஆதரித்தன.

எனக்குப் பிடித்த விடை பின்லாந்திலிருந்து வந்தது. 2017இல் வெளியான ஆய்வொன்றில் 48 பேர், 12 நாட்கள், தாங்கள் எவ்வளவு கலகலப்பாகப் பழகினோம், இப்போது எப்படி உணர்கிறோம் என்று நாளுக்குப் பல முறை குறித்துவைத்தார்கள். பழகிய நேரத்தில் மனம் உற்சாகமாகவே இருந்தது. களைப்பு ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டியது. அகமுகர், கூட்டத்தை விரும்பும் புறமுகர் இருவருக்கும் இது பொருந்தியது என்பதுதான் வியப்பு. ஆய்வு சிறியது, மூன்று மணி என்பதும் எல்லோருக்குமான கணக்கு அல்ல. ஆனாலும் திருஷ்டி நம்பிக்கையின் வேர் இந்த இடைவெளியில் இருக்கலாம் என்று நினைக்கிறேன். காரணம் மண்டபத்திலேயே நின்றுவிட, விளைவு மட்டும் வீட்டுக்கு வந்து சேர்ந்தால், பழியை யாரோ ஒருவரின் கண்மீது போடத்தான் தோன்றும்.

களைப்பின் ஒரு பங்கு காது வழியாக வருகிறது. நாகசுரமும் தவிலும் முழங்கும்போது பெரியப்பா பேசினால், அவருடைய சொற்களில் பாதிதான் நம்மை எட்டும். மீதியை உதட்டசைவையும் முன்பின் பேச்சையும் வைத்து மூளை ஊகித்து நிரப்புகிறது. அதற்கிடையே, எதிரில் வந்து வணங்குபவர் எந்த உறவு என்றும் அது தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

களைப்பு தாமதமாக வருவதால், களைத்த பிறகு ஒதுங்குவது காலம் கடந்த செயல். காலை 6 முதல் 7.30 வரை முகூர்த்தம் என்று வைத்துக்கொள்வோம். 5.30க்கே பேசத் தொடங்கியவருக்குக் களைப்பு 8.30 வாக்கில் எழலாம். மணமக்களுடன் படம் எடுக்க வரிசை நிற்பதும் மொய் எழுதுவதும் அப்போதுதான். எனவே டிபன் முடிந்ததும், 8 மணிக்கே, அரை மணி நேரம் ஒதுங்கிவிட வேண்டும். மணமகள் அறை உதவாது, மண்டபத்திலேயே நெரிசல் மிகுந்த இடம் அதுதான். நிழலில் நிறுத்திய காரின் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்காரலாம். அங்கே வாட்ஸ்அப் வாழ்த்துகளுக்குப் பதில் எழுதினால் அதுவும் பழகுவதாகவே ஆகிவிடும். முந்தைய நாளே அம்மாவிடம் நேரத்தைச் சொல்லிவைத்தால், ‘ஏன் தனியா உக்காந்திருக்கே, யாராவது ஏதாவது சொன்னாங்களா?’ என்ற விசாரணையும் வராது. திரும்பி வந்த பிறகும் எதிரில் இருப்பவர் சொன்னதை இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தால், அந்த அரை மணி நேரம் போதவில்லை என்று பொருள்.