ஒரே நாளில் பன்னிரண்டு நாள் ஹார்மோன்: ஸ்டீராய்டு மனதை என்ன செய்கிறது?

திண்டுக்கல் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மளிகைக் கடை வைத்திருக்கும் அவருடைய அப்பாவுக்கு 58 வயது. வாயெல்லாம் புண், உடம்பில் நீர்க் கொப்புளங்கள். நோய் எதிர்ப்புச் சக்தி தன் தோலையே தாக்கும் பெம்பிகஸ் என்ற நோய் என்று சொல்லி தினமும் 60 மி.கி. பிரட்னிசலோன் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், காலையில் 30, இரவில் 30. புண் ஆறத் தொடங்கியது. ஆனால் மூன்றாம் நாளிலிருந்து தூக்கம் போய்விட்டது. நள்ளிரவில் கடையைத் திறந்து அலமாரிகளைத் துடைத்து அடுக்கினார். "இருபது வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு" என்றார். ஆறாம் நாள், தேவையே இல்லாமல் முப்பது மூட்டை சர்க்கரைக்கு ஆர்டர் கொடுத்தார். ஒன்பதாம் நாள், எதிர்க்கடைக்காரர் தொட்டியில் விஷம் கலக்கிறார் என்று சொல்லித் தண்ணீர் குடிக்க மறுத்தார். உறவினர்கள் செய்வினை என்று முடிவுகட்டி, மாத்திரையை நிறுத்திவிட்டு மந்திரிக்கக் கூட்டிப்போனார்கள். "மாத்திரைதான் இப்படிச் செய்ததா, இல்லை அப்பாவுக்குள் ஏற்கெனவே ஏதாவது இருந்ததா?" என்பது மகளின் கேள்வி.

மாத்திரைதான் காரணம் என்பதற்கே வாய்ப்பு அதிகம். தூக்கமின்மை, பிறகு அளவுக்கு மீறிய உற்சாகம், பிறகு சந்தேகம் என்று இது வந்த வரிசையும் வேகமும் மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகப் பார்த்து வருபவை. ஜிம்மில் தசைக்காகப் போடும் ஸ்டீராய்டு வேறு வகை. இங்கே பேசுவது வீக்கத்தையும் நோய் எதிர்ப்பையும் அடக்கும் பிரட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன், மெத்தில்பிரட்னிசலோன் போன்றவற்றை.

நம் சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. இந்த மருந்துகள் அதன் நெருங்கிய உறவினர்கள். ஒரு நாள் முழுக்க உடம்பு சுரக்கும் கார்டிசாலுக்கு ஏறக்குறைய 5 மி.கி. பிரட்னிசலோன் ஈடாகும். ஆக, அந்த அப்பா விழுங்கிய 60 மி.கி. என்பது பன்னிரண்டு நாள் ஹார்மோன், ஒரே நாளில்.

அளவுதான் இதில் முதல் குற்றவாளி. அமெரிக்காவின் பாஸ்டன் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 1972-ல் வெளியிட்ட கணக்கு இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. பிரட்னிசலோனுக்குச் சமமான பிரட்னிசோனை நாளொன்றுக்கு 40 மி.கி. வரை எடுத்தவர்களில் மனநலக் கோளாறு வந்தது 1.3 சதவீதம் பேருக்கு. 41 முதல் 80 மி.கி. வரை என்றால் 4.6 சதவீதம். 80-ஐத் தாண்டினால் 18.4 சதவீதம். இவை ஓரளவு கடுமையான கோளாறுகள் மட்டும். தூக்கம் கெடுவது, காரணமில்லாத எரிச்சல் போன்ற லேசான மாற்றங்கள் இதைவிடப் பரவலானவை. கோவிட் காலத்தில் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்த 6 மி.கி. டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசலோன் கணக்கில் 40 மி.கி.க்குச் சமம். வார்டில் விடிய விடிய விழித்திருந்தவர்கள் அத்தனை பேரும் பயத்தால் மட்டுமே விழித்திருக்கவில்லை.

தூக்கம் ஏன் முதலில் போகிறது? கார்டிசால் நாள் முழுக்க ஒரே அளவில் சுரப்பதில்லை. நள்ளிரவையொட்டி அது அடிமட்டத்தில் இருக்கும். பின்னிரவில் ஏறத் தொடங்கி, விழிக்கும் நேரத்தில் உச்சத்தைத் தொடும். மூளைக்கு அது 'விடிந்துவிட்டது' என்ற செய்தி. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 30 மி.கி. பிரட்னிசலோனைப் போட்டால், ஹார்மோன் இல்லாமல் இருக்கவேண்டிய நேரத்தில் அதன் உச்சம் வருகிறது. கடை அலமாரியைத் துடைக்கத் தூண்டியது அந்தப் பொய் விடியல்தான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஹார்மோன் ரத்தத்தில் இருந்தால் மட்டும் போதாது, செல்லுக்குள் அதைப் பிடிக்க ஓர் ஏற்பி வேண்டும். மூளையில், குறிப்பாக நினைவுக்கும் உணர்ச்சிக்கும் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் பகுதியில், கார்டிசாலுக்கு ஒன்றல்ல, இரண்டு ஏற்பிகள் இருக்கின்றன. ஒன்றின் பெயர் எம்.ஆர்., மற்றது ஜி.ஆர். எம்.ஆர். கார்டிசாலை ஜி.ஆரைவிடச் சுமார் பத்து மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். அதனால் ஹார்மோன் மிகக் குறைவாக இருக்கும் நள்ளிரவில்கூட எம்.ஆர். பெரும்பாலும் நிரம்பியே இருக்கும். ஜி.ஆர். அப்படியல்ல. காலை உச்சத்திலும், பயம், காயம், காய்ச்சல் போன்ற நெருக்கடியிலும்தான் அது நிரம்பும். நடப்பதை நிதானமாக எடைபோட எம்.ஆர். உதவுகிறது, நெருக்கடியைச் சமாளித்துப் பழைய நிலைக்குத் திரும்ப ஜி.ஆர். உதவுகிறது, இரண்டும் சமன்பட்டிருந்தால் மனம் நிலையாக இருக்கும் என்பது நெதர்லாந்தின் லைடன் நகரில் ரான் டி குளூட் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் உழைத்து வளர்த்த கருத்து.

பெரிய அளவில் ஸ்டீராய்டு போகும்போது ஜி.ஆர். இரவும் பகலும் நிரம்பிக் கிடக்கிறது. ஓய்வு நேரமே இல்லாத நெருக்கடி நிலை அது. உற்சாகமும் இதோடு சேர்ந்தே வருகிறது. கார்டிசால் வகை ஹார்மோன்கள், இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமைனை மூளையில் கூட்டுகின்றன. எலிகளின் கார்டிசாலான கார்டிகோஸ்டிரோனைத் தாங்களே செலுத்திக்கொள்ள வசதி செய்து கொடுத்தபோது, எலிகள் அதை விரும்பிச் செலுத்திக்கொண்டன. டோபமைன் மேலும் ஏறும்போது, சாதாரண விஷயங்களும் தனக்காகவே நடப்பதுபோல் தோன்ற ஆரம்பிக்கும். எதிர்க்கடைக்காரர் தொட்டிப் பக்கம் நடந்து போனதே சதியாகிவிடுகிறது. ஸ்டீராய்டால் வரும் மனப்பிறழ்வை விளக்கும் வழிகளில் இது ஒன்று.

டெக்ஸாமெத்தசோனின் கதை இன்னும் விசித்திரம். அது ஜி.ஆரை மட்டும் பலமாகப் பிடிக்கும், எம்.ஆரை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. போதாக்குறைக்கு, ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பில் பி-கிளைக்கோபுரதம் என்ற ஒரு பம்ப் இருந்து, உள்ளே நுழையும் டெக்ஸாமெத்தசோனை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஆனால் மூளையின் அடியில் இருந்து அட்ரீனலை ஆளும் பிட்யூட்டரி சுரப்பி அந்தத் தடுப்புக்கு வெளியே இருக்கிறது. அங்கே மருந்து தாராளமாகப் போய்ச் சேர்கிறது. 'ஹார்மோன் நிறைய இருக்கிறது' என்று பிட்யூட்டரி நம்பி, அட்ரீனலுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடுகிறது. சொந்தக் கார்டிசால் வற்றுகிறது. விளைவு, உடம்பெல்லாம் ஸ்டீராய்டு வழிய, மூளைக்குள் எம்.ஆர். மட்டும் காலியாகக் கிடக்கிறது.

அப்படியானால் கொஞ்சம் கார்டிசாலையும் சேர்த்துக் கொடுத்தால் காலியான எம்.ஆர். நிரம்புமே? நெதர்லாந்து மருத்துவர்கள் இதை ரத்தப் புற்றுநோய்க்காக டெக்ஸாமெத்தசோன் பெறும் குழந்தைகளிடம் சோதித்தார்கள். கார்டிசாலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்ட்டிசோனைச் சேர்த்தபோது, கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகளிடம் நல்ல மாற்றம் தெரிந்ததாக 2016-ல் எழுதினார்கள். பிறகு, பாதிப்பு தெளிவாகத் தெரிந்த குழந்தைகளை மட்டும் சேர்த்து, கண்டிப்பான முறையில் மறுபடி செய்தார்கள். இம்முறை வெற்று மாத்திரையைவிட ஹைட்ரோகார்ட்டிசோன் ஒன்றும் மேலாக இல்லை. இவ்வளவு அழகான விளக்கம் தோற்றதில் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் இரண்டாவது சோதனைக்குப் பணம் கொடுத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். மலிவான பழைய மருந்தைச் சோதிப்பதில் எந்த நிறுவனத்துக்கும் லாபமில்லை. பொதுப்பணமோ நன்கொடையோ வராவிட்டால், பலனில்லாத ஒரு மாத்திரையை நாம் குழந்தைகளுக்குத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருப்போம்.

யாருக்கு ஆபத்து அதிகம்? அளவைச் சொல்லிவிட்டோம். அடுத்தது ரத்தத்தில் அல்புமின் புரதம் குறைந்தவர்கள். பிரட்னிசலோனின் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டுதான் ரத்தத்தில் பயணம் செய்கிறது, ஒட்டாத பகுதியே வேலை செய்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் லூபஸ் என்ற நோய் உள்ளவர்களிடம் செய்த ஆய்வில், அல்புமின் குறைந்தவர்களுக்கே ஸ்டீராய்டு மனப்பிறழ்வு அதிகம் வந்தது. வாய்ப்புண்ணால் சரியாகச் சாப்பிடாமல் இருந்த அந்த அப்பாவுக்கும் அல்புமின் குறைந்திருக்கலாம். முன்பு மனநோய் இருந்தவர்களுக்கும், ஸ்டீராய்டால் ஒருமுறை மனம் குழம்பியவர்களுக்கும் கூடுதல் கவனம் வேண்டும். ஆனால் முன்பு எதுவுமே இல்லாதவருக்கும் இது வரும் என்பதால், "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே" என்று குழம்ப வேண்டாம். பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் தலைகாட்டிவிடும்.

சரி, என்ன செய்வது? மனநல மாத்திரை கொடுப்பதற்கு முன் மருத்துவர் வேறு சிலவற்றைப் பார்ப்பார். ஸ்டீராய்டு சுகரை ஏற்றும், கிருமித் தொற்றை மறைக்கும். இரண்டுமே புத்தியைக் குழப்பும். ஆகவே சுகர், சோடியம், தொற்றுக்கான பரிசோதனைகள். இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் விழிப்பும் மயக்கமுமாக இருந்தால் அது டெலிரியம், அதன் காரணத்தை உடனே தேட வேண்டும். லூபஸ் என்றால் நோயே மூளையைத் தாக்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்போது ஸ்டீராய்டைக் குறைப்பது தவறாகிவிடும்.

நம் மளிகைக் கடைக்காரருக்கு நடந்தது இது. மந்திரித்து இரண்டு நாளில் கொப்புளங்கள் திரும்ப வரவே, ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மொத்த அளவையும் காலைச் சாப்பாட்டோடு ஒரே வேளையாக மாற்றி, 60-ஐ முதலில் 40 ஆக்கி, பிறகு படிப்படியாக இறக்கினார்கள். குறைத்த இடத்தை ஈடுசெய்ய, நோய் எதிர்ப்பை அடக்கும் இன்னொரு மருந்தான அசதயோபிரினைச் சேர்த்தார்கள். இரவில் மனப்பிறழ்வுக்கான மருந்தான ஒலன்சபின் 5 மி.கி. இரண்டாம் இரவே தூங்கினார், சில நாட்களில் விஷப் பேச்சு நின்றது. வழக்கமும் இதுதான். பெரும்பாலோர் சில நாட்களிலிருந்து ஆறு வாரத்துக்குள் தெளிந்துவிடுகிறார்கள். ஒலன்சபினும் சுகரை ஏற்றும் என்பதால் அதையும் வாழ்நாள் மாத்திரையாக்காமல் நிறுத்துவார்கள்.

மந்திரித்ததைவிட எனக்குக் கவலை தருவது மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியது. இவருக்குப் புண் திரும்பியதோடு போயிற்று. மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டிருந்தால் அட்ரீனல் சுரப்பி வேலையை மறந்திருக்கும். நிறுத்தியதும் வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகும்.

மனச்சோர்வு இன்னொரு முகம். குறுகிய காலத்தில் உற்சாகம் அதிகம் தெரிகிறது, மாதக்கணக்கில் தொடரும்போது சோர்வு கூடுகிறது. அளவைக் குறைக்கும் நாட்களிலும் அது வரலாம். அலமாரி துடைப்பதுபோல் இது சத்தம் போடாது, மூலையில் உட்கார்ந்திருக்கும். "நோயால் நொந்துபோயிருக்கிறார்" என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். பிரிட்டனின் மருத்துவப் பதிவுகளைத் துருவிய ஓர் ஆய்வில், அதே நோய் இருந்தும் ஸ்டீராய்டு எடுக்காதவர்களோடு ஒப்பிட்டால், எடுத்தவர்களிடம் தற்கொலையும் அதற்கான முயற்சியும் ஏறக்குறைய ஏழு மடங்கு. மொத்த எண்ணிக்கை குறைவுதான். ஆனாலும் சாவைப் பற்றிப் பேச்சு வந்தால் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்கக் கூடாது, அன்றே அழைத்துப் போங்கள்.

அப்பாவுக்கு மறுபடி ஸ்டீராய்டு தேவைப்படுமா என்றும் மகள் கேட்டிருந்தார். தேவைப்படலாம். ஒருமுறை வந்தது கட்டாயம் திரும்ப வரும் என்பதில்லை. மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் "60 மி.கி. பிரட்னிசலோனில் மனப்பிறழ்வு" என்று தேதியோடு எழுதச் சொல்லுங்கள். அதைப் பார்க்கும் மருத்துவர் குறைந்த அளவில் தொடங்குவார், அல்லது முதல் நாளிலிருந்தே இரவில் சிறிதளவு ஒலன்சபினைச் சேர்ப்பார். வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது முதல் வாரத் தூக்கத்தை. இரண்டு இரவு தொடர்ந்து தூங்காமலும் களைப்பே தெரியாமலும் இருந்தால், மூன்றாம் இரவுக்குக் காத்திராமல் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.