நட்டை முறுக்கியும் நகரும் சீட் கவர்: கோளாறு எங்கே இருக்கிறது?

வெஸ்டர்ன் கமோடின் சீட் கவர் ஆடுகிறது, உட்காரும்போது ஒரு பக்கமாக நழுவுகிறது என்று அழைப்பவர்களில் பெரும்பாலோர், அதை ஏற்கெனவே ஒருமுறையாவது முறுக்கிப் பார்த்தவர்களாகவே இருக்கிறார்கள். முறுக்கிய சில நாட்களுக்குச் சரியாக இருந்தது, பிறகு மீண்டும் பழைய நிலைக்கே வந்துவிட்டது என்பார்கள். நட்டு தளர்ந்ததால் சீட் நகர்கிறது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் பல வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறானது. சீட் முதலில் பக்கவாட்டில் நகர்கிறது, அந்த நகர்வுதான் நட்டைச் சிறிது சிறிதாகத் தளர்த்துகிறது. ஆகவே நகர்வை நிறுத்தாமல் நட்டை மட்டும் முறுக்குவது வேலையை ஒத்திப்போடுவதே ஆகும்.

கமோடின் பின்புறத்தில் சீட்டைப் பொருத்துவதற்கென இரண்டு துளைகள் இருக்கும். பீங்கான் சூளையில் வேகும்போது சுருங்கும் என்பதால் துளையின் இடமும் அளவும் துல்லியமாக அமைவதில்லை; அதற்கு ஈடாக, துளையைப் பெரிதாகவும் போல்ட்டை மெலிதாகவும் வைக்கிறார்கள். துளை 15 மில்லிமீட்டர் அகலம் இருக்கும்போது அதில் நுழையும் போல்ட் 6 அல்லது 8 மில்லிமீட்டர்தான் இருக்கும். அந்த வெற்றிடத்தை நிரப்பிப் போல்ட்டைத் துளையின் நடுவில் நிறுத்துவதற்காகத்தான் பெட்டியில் கூம்பு வடிவ ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வாஷர் தருகிறார்கள். அவசரத்தில் பொருத்துபவர்கள் அந்தக் கூம்பை விட்டுவிடுகிறார்கள், அல்லது அதன் மெல்லிய முனை துளைக்குள் போகாமல் கீழ்நோக்கி இருக்கும்படி தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் சீட்டைப் பிடித்திருப்பது கீல் அடித்தட்டுக்கும் பீங்கானுக்கும் இடையிலான உராய்வு மட்டுமே. பளபளப்பான பீங்கானில் அந்த உராய்வு குறைவு. ஹெல்த் ஃபாசெட் தண்ணீர் நாள்தோறும் அங்கே தேங்கினால் இன்னும் குறைந்துவிடும். சுத்தம் செய்துகொள்ள ஒரு பக்கமாகச் சாய்கிற ஒவ்வொரு முறையும் சீட் ஒரு நூலளவு நகரும்.

கருவியை எடுப்பதற்கு முன்பு, ஆட்டம் எங்கே இருக்கிறது என்பதைக் கையாலேயே கண்டுபிடித்துவிடலாம். சீட்டின் முன்பகுதியைப் பிடித்து மெதுவாக இடமும் வலமும் அசைத்துக்கொண்டே, மற்றொரு கையின் விரலைக் கீலின் அடித்தட்டும் பீங்கானும் சேரும் விளிம்பில் வைக்க வேண்டும். அடித்தட்டே பீங்கான் மீது நகர்வதை விரல் உணர்ந்தால் கோளாறு போல்ட்டில் இருக்கிறது. அடித்தட்டு அசையாமல் அதற்கு மேலே சீட் மட்டும் ஆடினால், கீலின் ஊசியோ, அது உட்காரும் பிளாஸ்டிக் புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. பட்டனை அழுத்திக் கழற்றும் வகைச் சீட்டாக இருந்தால் அது முழுமையாகப் பூட்டிக்கொள்ளாமலும் இருக்கலாம். சீட்டோடு சேர்ந்து கமோடே அசைந்தால் அது தரைப் பிடிப்பின் கோளாறு. சீட்டைத் தொடாமல் முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

அண்மையில் ஓர் அடுக்குமாடி வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். முழங்கால் வலியுள்ள ஒரு பாட்டி, எழும்போது வலக்கையைச் சுவரில் ஊன்றி, உடல் எடை முழுவதையும் வலப்பக்கம் சாய்த்து எழுவார். சீட் வலப்பக்கம் விரலளவு நகர்ந்து, இடப்பக்கத்தில் பீங்கான் விளிம்பு வெளியே தெரிந்தது. ஒருநாள் உட்காரும்போது சீட் நழுவியதில் அவர் நிலைகுலைந்திருக்கிறார். அதனால்தான் மகன் அழைத்தார். கழற்றிப் பார்த்தால் துளை 15 மில்லிமீட்டர், போல்ட் 6 மில்லிமீட்டர், கூம்பு வாஷர் இல்லை. பலமுறை முறுக்கியதில் அடித்தட்டுக்குக் கீழே இருந்த ரப்பர் நசுங்கி, ஓரத்தில் பிதுங்கி, கெட்டியாகிவிட்டிருந்தது. இரும்பு நட்டில் துருவும் ஏறியிருந்தது.

முதலில் சீட்டை எடுத்துவிட்டு, போல்ட் தலையின் மூடியை நெம்பித் திறந்து, கீழேயிருந்து நட்டை ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு மேலே திருகினோம். துருப்பிடித்த நட்டை வலுக்கட்டாயமாகத் திருகினால் அந்த விசை பீங்கானுக்குப் போகும் என்பதால், நட்டில் துரு நீக்கும் எண்ணெய் சிறிது விட்டுக் காத்திருந்தோம். எண்ணெய் பட்ட இடத்தைப் பிறகு சோப்புத் தண்ணீரால் கழுவிவிட வேண்டும். அது ரப்பரைக் கெடுக்கும், பீங்கானை வழுக்கவும் செய்யும். துளையைச் சுற்றியிருந்த உப்புப் படிவைச் சுரண்டி, துணியால் துடைத்து, ஈரம் முழுவதும் காயும்வரை விட்டோம். ஈரப் பீங்கான் மீது புது ரப்பரைப் போடுவது பல பிளம்பர்கள் கவனிக்காமல் விடும் தவறு.

அந்த மாடலுக்குரிய கூம்பு வாஷர் கடையில் கிடைக்கவில்லை. ஆகவே கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் ஒளிபுகும் டியூபில், போல்ட்டை இறுகப் பிடிக்கும் அளவில் ஒரு துண்டும், அதன் மேல் ஏறித் துளையை நிரப்பும் அளவில் இன்னொரு துண்டும் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகப் போல்ட்டில் ஏற்றினோம். இதில் கவனிக்க வேண்டியது டியூபின் நீளம். பீங்கான் தடிமன் அங்கே 22 மில்லிமீட்டர். டியூபை 18 மில்லிமீட்டருக்கு வெட்டினோம். தடிமனுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் நட்டு டியூபில் முட்டி நின்றுவிடும், அடித்தட்டைப் பீங்கானோடு இறுக்காது. போல்ட்டையும் நட்டையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றினோம். உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டைப் போட்டால் அதிர்வில் தானாகத் திரும்பாது. அடித்தட்டுக்குக் கீழே புது ரப்பர் வாஷர், நட்டுக்கு மேலே ஒரு ரப்பர் வாஷரும் ஓர் அகலமான பிளாஸ்டிக் வாஷரும் வைத்தோம்.

இரண்டு நட்டுகளையும் கையால் பாதிவரை ஏற்றிவிட்டு, சீட்டை மாட்டி மூடி, இருபுறமும் விளிம்பு ஒரே அளவாக வருகிறதா என்று பார்த்த பிறகே இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுமையாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் சீட் கோணும். மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். நட்டு வாஷரை நன்றாகத் தொட்ட பிறகு ஸ்பேனரால் கால் சுற்று போதும். அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக் நட்டு மரை கழன்றுவிடும், உலோக நட்டு பீங்கானில் விரிசல் விழச் செய்யும். சீட்டுக்காகக் கமோடையே மாற்ற வேண்டிய நிலை வரும். புது ரப்பர் முதல் வாரத்தில் சற்று அமுங்கும் என்பதால், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை லேசாக இறுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். எம்-சீலோ வெள்ளை சிமெண்டோ போட்டு நிரந்தரமாக ஒட்டிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்; அடுத்த முறை அதை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும், உடைவது பீங்கானாகவும் இருக்கலாம்.

சீட்டின் அடியில் உள்ள சிறு ரப்பர் குமிழ்களையும் குனிந்து பார்க்க வேண்டும். அவை கமோடின் விளிம்பில் முழுமையாக உட்கார்ந்தால்தான் எடை பீங்கானுக்குப் போகும். ஒன்று விழுந்துவிட்டாலோ, சீட்டின் வடிவம் கமோடுக்குப் பொருந்தாமல் குமிழ் வெளியே தொங்கினாலோ, எடை கீலுக்குப் போய் ஆட்டம் சீக்கிரமே திரும்பிவிடும்.

மூலப்பொருளும் இதோடு தொடர்புடையது. கடைகளில் பெரும்பாலும் இரண்டு வகை கிடைக்கின்றன. பாலிபுரொப்பிலீன் சீட் இலகுவானது, விலை குறைவு, கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது. ஆனால் எடை ஏறும்போது சற்று வளையும், அந்த வளைவு ஒவ்வொரு முறையும் கீலை இழுக்கும், கீறலும் எளிதில் விழும். யூரியா ஃபார்மால்டிஹைட் சீட் கனமானது, பீங்கானைப் போலவே பளபளப்பும் விறைப்பும் உடையது, கீறல் எளிதில் ஏறாது. ஆனால் ஓங்கி அடித்தால் விரிசல் விடும், விரிசல் விட்டதை ஒட்ட முடியாது. தட்டிப் பார்த்தால் முதலாவது மந்தமாகவும் இரண்டாவது கணீரென்றும் ஒலிக்கும். எடை அதிகமுள்ளவர்களும் வயதானவர்களும் பயன்படுத்தும் குளியலறைக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். எதுவாக இருந்தாலும் விரிசல் கண்ட சீட்டை அன்றே மாற்றிவிட வேண்டும், ஏனெனில் எடை ஏறும்போது விரிந்து இறங்கும்போது மூடுகிற அந்தப் பிளவு தோலைக் கவ்விக் கிழிக்கும்.

கடைக்காரர்கள் ஹைட்ராலிக் சீட் கவர் என்று சொல்வது தானாக மெதுவாக மூடும் வகையை. இதன் கீலுக்குள் இரண்டு சிறு உருளைகள் உண்டு. ஒன்று மூடிக்கு, மற்றொன்று சீட்டுக்கு. உருளைக்குள் கெட்டியான சிலிகோன் எண்ணெய் இருக்கிறது, அது குறுகிய வழியே நகர வேண்டியிருப்பதால் இறக்கம் மெதுவாகிறது. கோடையில் எண்ணெய் இளகி மூடி சற்று வேகமாக இறங்குவது கோளாறு அல்ல. ஆனால் பொறுமையின்றிக் கையால் அழுத்தி மூடுவது இந்த உருளையைக் கொல்லும். உள்ளே அழுத்தம் கூடி, ரப்பர் அடைப்பு விட்டுக்கொடுத்து எண்ணெய் கசிந்தால், அதன் பிறகு மூடி டமாலென்று விழும். அதைத் திறந்து சரிசெய்ய முடியாது. அந்த மாடலுக்குரிய கீல் செட் கிடைத்தால் மாற்றலாம், இல்லையேல் சீட்டையே மாற்ற வேண்டும். மூடிய மூடியின் மேல் உட்கார்ந்து குழந்தையைக் குளிப்பாட்டுவதும் கீலைக் கெடுக்கும். மூடி அந்த எடைக்காகச் செய்யப்பட்டது அல்ல.

டாய்லெட் கிளீனர்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அதை ஊற்றிவிட்டு மூடியை மூடி வைத்தால், புகை கீலின் உலோகப் பகுதிகளில் படிந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் அரிக்கும். ஊற்றிய நேரத்தில் சீட்டையும் மூடியையும் தூக்கியே வைக்க வேண்டும். சீட்டைத் துடைக்கச் சோப்புத் தண்ணீர் போதும்.

பக்கங்கள் முழுவதும் மூடப்பட்ட கமோடுகளில் நட்டைக் கீழேயிருந்து பிடிக்கக் கை போகாது. அங்கே மேலிருந்து திருகும்போது துளைக்குள் விரிந்து பிடிக்கும் ரப்பர் புஷ் போடுகிறார்கள். திருகை எவ்வளவு சுற்றினாலும் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் புஷ்ஷும் சேர்ந்து சுற்றுகிறது என்று பொருள். அப்போது கீலின் அடித்தட்டை மேல்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு திருக வேண்டும். அந்த இழுவிசையில் ரப்பர் துளையின் சுவரைக் கவ்விக்கொள்ளும். அப்படியும் இறுகவில்லை என்றால் ரப்பர் தேய்ந்திருக்கிறது. புது புஷ் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோவதுடன், துளையின் விட்டத்தையும் அளந்துகொண்டு போக வேண்டும், ஏனெனில் தேய்ந்த ரப்பரின் அளவு சரியான அளவைக் காட்டாது. சீட்டையே மாற்றுவதாக இருந்தால், இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையிலான தூரம், அந்த மையக் கோட்டிலிருந்து கமோடின் முன்விளிம்பு வரையிலான நீளம், கமோடின் அதிகபட்ச அகலம் ஆகியவற்றையும் குறித்துக்கொண்டு, கமோடை மேலிருந்து ஒரு படமும் எடுத்துக்கொண்டு போனால், பொருந்தாத சீட்டோடு வீடு திரும்ப வேண்டியிருக்காது.