இன்ஸ்பிரேஷன்: உத்வேகம் வேண்டாம், வழிமெட்டும் சார்புமெட்டும் போதும்

‘மொசார்ட்டின் உத்வேகத்தில் உருவான இந்திப் பாடல்’, ‘ஆங்கிலப் பாட்டால் ஈர்க்கப்பட்டு அமைக்கப்பட்ட மெட்டு’. திரையிசை பற்றி எழுதுகிறவர்கள் இந்த இரண்டு தொடர்களையும் விடுவதாக இல்லை. இரண்டுமே தவறு. முதலாவது இரட்டைத் தவறு.

வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இன்ஸ்பிரேஷன் லத்தீனிலிருந்து வந்தது. ‘உள்ளே ஊதுதல்’ என்று பொருள். கடவுளோ கலைத்தெய்வமோ ஒருவனுக்குள் மூச்சை ஊத, அவன் பாடினான் என்பது பழைய நம்பிக்கை. உத்வேகம் வடசொல். அங்கே அதன் பொருள் மனக்கலக்கம், பதற்றம். கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் ‘அனுத்வேககரம் வாக்யம்’ என்று வரும்: பிறர் மனத்தைக் கலங்கடிக்காத சொல். அப்படியென்றால் மொசார்ட்டைக் கேட்டு ஓர் இசையமைப்பாளர் உத்வேகம் அடைந்தார் என்பதற்கு, அவர் நிலைகுலைந்து போனார் என்றல்லவா பொருள்?

சரி, தமிழில் அந்தச் சொல் ‘ஊக்கம்’ என்று பொருள் மாறிவிட்டது, விட்டுவிடலாம் என்பார்கள். விட்டாலும் சிக்கல் தீராது. ஊக்கம், உந்துதல், அகத்தூண்டல் எல்லாமே இசையமைப்பாளரின் மனத்துக்குள் நடந்ததைச் சொல்பவை. நமக்கு அது தெரியாது. நம் கையில் இருப்பவை இரண்டு மெட்டுகள். அவற்றுக்கு நடுவே உள்ள உறவை மட்டுமே சோதிக்க முடியும். ஆகவே மெட்டுக்கும் மெட்டுக்கும் உள்ள உறவுக்குத்தான் பெயர் வேண்டும். ‘ஈர்க்கப்பட்டு’ இன்னும் மோசம். உண்மைச் சம்பவத்தால் ஈர்க்கப்பட்ட படம், அந்தப் படத்தால் ஈர்க்கப்பட்ட தொடர் என்று காந்தத்தின் வேலையை எல்லாம் கலையின் தலையில் கட்டிவிட்டார்கள் மொழிபெயர்ப்பாளர்கள்.

எதிர்முனையில் ‘சுட்ட மெட்டு’, ‘ஈயடிச்சான் காப்பி’. வாய்ப்பேச்சுக்குச் சுவையாக இருக்கும். ஆனால் அவை விசாரணைக்கு முன்பே எழுதிய தீர்ப்புகள். 1791இல் இறந்துபோன மொசார்ட்டின் மெட்டுக்கு இன்று உரிமையாளர் கிடையாது; எடுத்ததைச் சொல்லாமல் விடுவது நேர்மைக்குறைவாகலாம், சட்டப்படி திருட்டாகாது. உரிமை உள்ள புதுப் பாட்டை எடுப்பது வேறு வழக்கு. ‘சுட்டது’ என்ற ஒரே சொல் இரண்டையும் ஒரே கூண்டில் ஏற்றிவிடுகிறது.

நம்மவர்கள் இதை எளிதாகச் சொல்லிவந்தார்கள். பழைய பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலைப்புக்குக் கீழே ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்று அச்சிட்டிருக்கும். பாரதியே ஒரு பாட்டுக்கு, நந்தனார் சரித்திரத்தின் ‘ஓய் நந்தனாரே’ பாட்டின் வர்ணமெட்டு என்று குறித்திருக்கிறார். மூலத்தைச் சொன்னதால் யாருடைய மதிப்பும் குறைந்துவிடவில்லை.

உறவின் அளவைச் சொல்ல நன்னூலே வழிகாட்டுகிறது. நூல் மூவகை: முதல், வழி, சார்பு. முன்னோர் நூலின் முடிபோடு முழுக்க ஒத்து, பின்னவன் வேண்டிய வேறுபாட்டைச் சேர்த்தால் வழிநூல். ஒரு பகுதி மட்டும் ஒத்து மற்றது வேறுபட்டால் சார்புநூல். நன்னூலார் இதைப் புடைநூல் என்றும் சொல்கிறார். இவற்றின் அச்சில் வழிமெட்டு, சார்புமெட்டு என்கிறேன். எது எது என்று பிரிக்கச் சோதனை வேண்டும்.

1961இல் வந்த ‘சாயா’ என்ற இந்திப் படத்தில் சலில் சௌத்ரி இசையமைத்த ‘இத்னா ந முஜ்சே தூ ப்யார் படா’ பாட்டை எடுத்துக்கொள்வோம். தலத் மஹ்மூதும் லதா மங்கேஷ்கரும் பாடியது. மூலம் என்று சொல்லப்படுவது 1788இல் மொசார்ட் எழுதிய 40ஆம் சிம்பொனியின் முதற்பகுதி.

முதல் வேலை, இரண்டையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவருவது. சிம்பொனி ஜி மைனரில் இருப்பதால் ஜியை ஸ என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டின் ஆதார சுருதியையும் ஸ ஆக்குங்கள். வேகத்தையும் மறந்துவிடுங்கள். மொசார்ட் மிக விரைவு, பாட்டு நிதானம். இந்த வேறுபாட்டில் ஏமாந்துதான் பலர் ‘ஒற்றுமையே இல்லை’ என்கிறார்கள். இப்போது வயலின்கள் வாசிக்கும் தொடக்கத்தை எழுதினால் இப்படி வரும்: த ப ப, த ப ப, த ப ப, உடனே மேல்ஸ்தாயி க. பிறகு படிப்படியாக இறக்கம்: க ரி ஸ, ஸ நி த, த ப ம ம. அடுத்த வரி இதே வடிவத்தை ஒரு படி கீழிறக்கி, ப ம ம என்று தொடங்கும்.

இதில் எதைச் சாட்சியாக எடுப்பது? ஸ்வரக் கூட்டத்தை அல்ல. இந்த முதல் வரியின் ஸ்வரங்கள் நடபைரவிக்குள் அடங்கும். அந்த ராகத்தில் ஆயிரம் பாட்டு உண்டு. த-விலிருந்து ப-வுக்கு இறங்கும் அரைச்சுர விம்மலும் தனியாகச் சாட்சி ஆகாது, சோகப் பாட்டில் யாருக்கும் வரும். ஆனால் அந்த விம்மல் குறில், குறில், நெடில் என்ற அதே கால அளவில் அடுத்தடுத்து மும்முறை வருவது எளிதில் தானாக நேர்வதல்ல. இந்திப் பல்லவியின் சொற்களைப் பாருங்கள்: இத்னா-ந, முஜ்சே-தூ, ப்யார்-படா. மும்மூன்று அசையாக அந்த அடுக்கிலேயே உட்காருகிறது. ஸ்வரம், கால அளவு, அடுக்கு மூன்றும் சேர்ந்து ஒத்து, அதுவும் இரண்டு இடத்திலும் தொடக்க வரியாகவே இருக்கும்போது தற்செயல் என்று சொல்ல இடமில்லை. மேற்கத்திய செவ்விசையில் சலிலுக்கு இருந்த ஈடுபாடும் ஊரறிந்தது.

ஆனால் தொடக்கத்தைத் தாண்டிப் பாட்டு தன் வழியில் போகிறது. சிம்பொனி அந்த ஒரு விதையைச் சுருதி மாற்றி மாற்றி வளர்க்கும். பாட்டோ சரணத்தில் சலிலின் சொந்த மெட்டாக விரிந்து பல்லவிக்குத் திரும்புகிறது. ஒரு பகுதி ஒத்து, மீதி வேறு. ஆகவே இது சார்புமெட்டு.

பக்கத்திலேயே 1957இன் ‘ஆரவல்லி’யை வையுங்கள். ஜி. ராமநாதன் இசையில் ‘சின்னப் பெண்ணான போதிலே’. முந்தைய ஆண்டு ஹிட்ச்காக் படத்தில் டோரிஸ் டே பாடிய ‘கே செரா செரா’வின் மூன்றடித் தாளம், மெட்டின் போக்கு, சின்னப் பெண் தாயிடம் வருங்காலத்தைக் கேட்கும் சூழல், எல்லாமே வந்திருக்கின்றன. இது வழிமெட்டு. தொல்காப்பியர் வழிநூலுக்குச் சொன்ன ‘மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்’, அதாவது வேறு மொழிக்கு மாற்றி நெறிப்பட அமைத்தல், இதற்கு அப்படியே பொருந்தும்.

இரண்டிலும் சேராத மூன்றாவது கூட்டம்தான் வம்புகளில் பெரும்பங்கு. சீனப் பாட்டும் ஸ்காட்லாந்து நாட்டுப்பாட்டும் நம் மோகனம் போலவே ஸ ரி க ப த ஐந்தில் நடக்கும். அரைச்சுரமே இல்லாத அந்த ஐந்தில் எந்த இரண்டு மெட்டைப் பக்கத்தில் வைத்தாலும் நாலு ஸ்வரம் ஒத்துப்போகும். கால அளவைக் கையால் தட்டிப் பாருங்கள். அங்கே பிரிந்துவிட்டால் அது வெறும் ஒப்புமை. அதற்கு ‘சாயல்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. சாயலைக் கண்டதும் உத்வேகம் என்று எழுதிவிடுகிறார்கள். வழிமெட்டுக்கும் அதையே எழுதுகிறார்கள்.